இளநீரில் உப்பு எவ்வளவு? – வயிற்றுப்போக்கு, வியர்வை, எதற்கு எதைக் குடிப்பது

(இதழின் ஒலிப்பகுதிக்காகப் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



வெயில் காலம் வந்துட்டா உங்க போனுக்கும் என் போனுக்கும் தவறாம ஒரு பார்வர்டு மெசேஜ் வரும். "இளநீரும் மனித ரத்தத்தின் பிளாஸ்மாவும் ஒன்றுதான், ஓ.ஆர்.எஸ். பவுடர் தேவையில்லை, இயற்கையே தந்த குளுக்கோஸ் பாட்டில்" என்று எழுதியிருக்கும். கீழே ஒரு தென்னை மரப் படம். நானும் அதை எங்க குடும்பக் குரூப்பில் ஒரு தடவை பகிர்ந்தவன்தான். அதனால இன்னைக்கு உங்களிடம் பேசுவதில் கொஞ்சம் என் பிராயச்சித்தமும் இருக்கு.

போன கோடையில் எங்க அக்கா மகனுக்கு வயிற்றுப்போக்கு. பையனுக்கு ரெண்டு வயசு, எடை பத்து கிலோ. காலையிலிருந்து ஏழெட்டுத் தடவை தண்ணியாப் போயிடுச்சு. அக்கா வீடு பொள்ளாச்சிப் பக்கம்; கொல்லையிலேயே தென்னை. அம்மா உடனே இளநீர் வெட்டச் சொன்னாங்க. மாமா மருந்துக் கடைக்குப் போய், ஆரஞ்சுச் சுவையில் ஒரு அட்டைப் பெட்டிப் பானம் வாங்கி வந்தார். குழந்தைக்கு ரெண்டுமே பிடிச்சுது, நல்லாத்தான் குடிச்சான். ஆனா சாயங்காலம் ஆக ஆகத் துவண்டுபோனான். கண் உள்ளே போயிருந்தது. அழுதா கண்ணீர் வரலை. "இவ்வளவு குடிச்சும் ஏன் இப்படி?" என்பதுதான் வீட்டில் எல்லாருக்கும் இருந்த கேள்வி.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த செவிலியர் அக்கா, பையனைப் பார்த்துக்கொண்டே கேட்டது ஒரே ஒரு கேள்வி: "தண்ணி குடுத்தீங்க, சரி. உப்பு எங்கம்மா குடுத்தீங்க?"

இந்த உரை முழுக்க அந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

வயிற்றுப்போக்கில் உடம்பை விட்டுப் போவது வெறும் தண்ணி இல்லை. அதோடு சோடியமும் போகுது, பொட்டாசியமும் போகுது. சோடியம் என்றால் நாம சாப்பாட்டில் போடும் உப்பின் முக்கியப் பகுதி. ரத்தத்தில் இருக்கும் தண்ணியை ரத்தத்திலேயே பிடிச்சு வைக்கிறது பெரும்பாலும் இந்த சோடியம்தான். அது குறைஞ்சா, எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் உள்ளே நிற்காது.

முதல்ல அந்த பார்வர்டு மெசேஜைப் பார்த்துடலாம். நம்ம ரத்தத்தின் பிளாஸ்மாவில் ஒரு லிட்டருக்குச் சுமார் 3,200 மில்லிகிராம் சோடியம் இருக்கு. பொட்டாசியம் சுமார் 160 மில்லிகிராம்தான். அதாவது சோடியம் இருபது பங்கு, பொட்டாசியம் ஒரு பங்கு. இளநீரில் இது அப்படியே தலைகீழ். ஒரு லிட்டர் இளநீரில் பொட்டாசியம் சுமார் 2,000 மில்லிகிராம் இருக்கும். சோடியம் பெரும்பாலான இளங்காய்களில் ஒருசில நூறு மில்லிகிராமைத் தாண்டாது. அதைவிடக் குறைவாகவும் இருக்கும். ஆகவே "பிளாஸ்மாவும் இளநீரும் ஒன்று" என்பது தப்பு. பொட்டாசியம் மிகுந்து சோடியம் குறைந்த இந்த அமைப்பு, ரத்தத்தை விட நம் உடல் செல்களுக்கு உள்ளே இருக்கும் நீரைத்தான் ஒத்திருக்கு.

இன்னொன்றும் கவனிக்கணும். இளநீரின் அளவுகள் காய்க்குக் காய் மாறும். மரத்தின் ரகம், மண், காயின் வயசு, எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்குது. காய் முற்ற முற்ற அதன் சர்க்கரை வகையும் மாறும். வெட்டிக் குடிக்கும்போது இதில் எவ்வளவு சோடியம் இருக்குன்னு நாக்கால் சொல்ல முடியாது. சாதாரண நாளில் அது ஒரு பிரச்சனையே இல்லை. ஒரு குழந்தை துவண்டு கிடக்கும்போது அதுதான் பிரச்சனை.

இப்போ எங்க பையன் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க, அவன் அரை லிட்டர் நீரை இழந்தான், அரை லிட்டர் குடித்தான் என்று வைத்துக்கொள்வோம்.

சாதாரண வயிற்றுப்போக்கில் வெளியேறும் நீரில், ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 1,200 மில்லிகிராம் சோடியம் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். காலரா மாதிரி நோய் என்றால் இதைவிட அதிகம். அப்படியானால் அரை லிட்டரில் அவன் இழந்தது 600 மில்லிகிராம்.

அரை லிட்டர் இளநீர் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் சோடியம், லிட்டருக்கு 150 மில்லிகிராம் என்று எடுத்துக்கொண்டால், வெறும் 75 மில்லிகிராம். இழந்ததில் எட்டில் ஒரு பங்கு.

விளையாட்டு வீரர்களுக்கான ஸ்போர்ட்ஸ் டிரிங்க் அரை லிட்டர் கொடுத்தால் சுமார் 230 மில்லிகிராம் சோடியம் கிடைக்கும். பாதிகூட இல்லை. ஆனால் அதனோடு சேர்த்து சுமார் 30 கிராம் சர்க்கரையும் உள்ளே போகும்.

ஓ.ஆர்.எஸ். கரைசல் அரை லிட்டர் கொடுத்தால் சுமார் 860 மில்லிகிராம் சோடியம் கிடைக்கும். போனதும் நிரம்பும், அடுத்து போகப்போவதற்கும் கொஞ்சம் கையிருப்பு இருக்கும்.

மூணுமே தண்ணிதான், மூணுமே இனிப்புதான். வித்தியாசம் உள்ளே இருக்கும் உப்பில்தான்.

"சரி, அப்போ ஓ.ஆர்.எஸ்.ஸில் சர்க்கரை எதுக்கு? தெம்புக்கா?" என்று கேட்பீங்க. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தெம்புக்கு இல்லை. நம்ம சிறுகுடலின் சுவரில் ஒரு கடத்தி இருக்கு. அது ஒரு குளுக்கோஸையும் இரண்டு சோடியத்தையும் சேர்த்துத்தான் உள்ளே தூக்கிக்கிட்டுப் போகும். ஒண்ணு இல்லாம இன்னொண்ணு போகாது. சோடியமும் குளுக்கோஸும் உள்ளே போனா, பின்னாலேயே தண்ணியும் போகும். வயிற்றுப்போக்கு எவ்வளவு கடுமையாக இருந்தாலும் பெரும்பாலும் இந்த வழி மூடுவதில்லை. இதுதான் ஓ.ஆர்.எஸ். வேலை செய்யும் ரகசியம். சோடியமும் குளுக்கோஸும் இந்த ஒரே வாசலில் சேர்ந்து போகின்றன என்பதை ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் 1960இல் எடுத்துச் சொன்னார்.

அதனால்தான் ஓ.ஆர்.எஸ்.ஸில் குளுக்கோஸும் சோடியமும் சம அளவில் இருக்கும்படி கணக்குப் போட்டிருக்காங்க. 2002 முதல் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு இது: ஒரு லிட்டர் தண்ணியில் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு, அதாவது சாப்பாட்டு உப்பு, 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். அவ்வளவுதான்.

சர்க்கரை இதற்கு மேல் கூடினால் என்ன ஆகும்? குடல் உள்ளே இழுத்துக்கொள்ள முடியாத சர்க்கரை குடலிலேயே தங்கும். தங்கிய சர்க்கரை உடம்பிலிருந்து தண்ணியைக் குடலுக்குள் இழுக்கும். விளைவு, போக்கு நிற்காமல் இன்னும் கூடும். எங்க மாமா வாங்கி வந்த ஆரஞ்சுப் பானம் அந்த வேலையைத்தான் செய்திருக்கணும். இளநீரிலும் ஓ.ஆர்.எஸ்.ஸை விட சர்க்கரை கூடுதல்தான், லிட்டருக்கு 25 கிராமிலிருந்து 50 கிராம் வரை இருக்கலாம். அதில் ஒரு பகுதி ஃப்ரக்டோஸ். ஃப்ரக்டோஸ் வேறு வழியாக உள்ளே போகும், சோடியத்தைக் கையைப் பிடித்து அழைத்துப் போகாது.

இந்த உப்பு–சர்க்கரைக் கணக்கு நம்ம நாட்டில் உயிர்களைக் காப்பாற்றிய கதை ஒன்று உண்டு. 1971இல் வங்காளதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்கு வந்தாங்க. பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோகும் நிலை. அங்கே பணியில் இருந்த மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், குளுக்கோஸ், சாப்பாட்டு உப்பு, சமையல் சோடா மூன்றையும் சரியான அளவில் பொட்டலம் கட்டி, தண்ணியில் கரைத்து, வாய்வழியாகக் கொடுக்க வைத்தார். கொடுத்தது பெரும்பாலும் நோயாளிகளின் சொந்தக்காரர்கள்தான். முகாமில் 30 சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு, இந்தக் கரைசல் பெற்றவர்களிடையே 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. 2022இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு மத்திய அரசு அவருக்கு பத்ம விபூஷண் விருது அறிவித்தது. மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தப் பொட்டலத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கு.

இனி, உங்க கையில் இருக்கும் போனை வைத்து செய்யக்கூடிய ஒரு வேலை. மருந்துக் கடையில் வாங்குவது நிஜமான ஓ.ஆர்.எஸ். தானா என்று எப்படிப் பார்ப்பது?

சில ஆண்டுகளாகப் பழச்சுவைப் பானங்கள் சில, தங்கள் பெயரிலேயே ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைச் சேர்த்து விற்கப்பட்டன. "இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். அல்ல" என்ற வரி பெட்டியில் சின்னதாக இருக்கும், அவசரத்தில் வாங்குபவர் அதைப் படிப்பதில்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம், உணவுப் பொருளாக விற்கப்படும் எந்தப் பானத்தின் பெயரிலும் ஓ.ஆர்.எஸ். என்ற சொல் முன்னாலோ பின்னாலோ வரக்கூடாது என்று உத்தரவிட்டது. பெயர் மாறினாலும், அதே மாதிரிப் பெட்டிகள் அதே அலமாரியில் இருக்கலாம். அதனால் பெயரைப் பார்க்காதீங்க, பின்பக்கத்தைப் பாருங்க. எழுத்து சின்னதா இருந்தா போன் கேமராவில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிங்க.

பொட்டலமாக இருந்தால், "ஓரல் ரீஹைட்ரேஷன் சால்ட்ஸ் ஐ.பி." என்று இருக்கணும். ஐ.பி. என்பது இந்திய மருந்துத் தரநூலைக் குறிக்கும். நிஜமான ஓ.ஆர்.எஸ். ஒரு மருந்து, ஆகவே அதில் மருந்து உற்பத்தி உரிம எண் இருக்கும். 14 இலக்க உணவு உரிம எண் மட்டும் இருந்தால் அது உணவுப் பானம், மருந்து இல்லை. பிறகு, நான் முன்னே சொன்ன நாலு பொருள்களும் அந்த அளவில் இருக்கான்னு பாருங்க. குளுக்கோஸுக்குப் பதில் டெக்ஸ்ட்ரோஸ் என்று இருக்கலாம், ரெண்டும் ஒன்றுதான்.

கரைத்தே விற்கும் பெட்டியாக இருந்தால், பெரும்பாலும் 100 மில்லிக்கு இவ்வளவு என்று போட்டிருப்பாங்க. நிஜமான ஓ.ஆர்.எஸ். என்றால் 100 மில்லியில் சர்க்கரை ஒன்றரை கிராமுக்குள், சோடியம் சுமார் 170 மில்லிகிராம். சர்க்கரை 5 கிராம், 10 கிராம் என்று போட்டிருந்தா, அது குளிர்பானத்தின் உறவுக்காரன். வைத்துவிட்டு வந்துடுங்க. உணவுப் பானம் ஒன்று ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் இன்னும் விற்கப்படுவதைப் பார்த்தால், அதைப் படமெடுத்து அந்த ஆணையத்தின் 'புட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் புகார் பதியலாம்.

நல்ல பொட்டலத்தையே வாங்கினாலும் தப்பு நடக்கும் இடம் ஒன்று இருக்கு, கரைப்பது. 20.5 கிராம் பொட்டலம் ஒரு லிட்டருக்கு. நாலு கிராம் சொச்சம் உள்ள சின்னப் பொட்டலம் 200 மில்லிக்கு. பெரிய பொட்டலத்தை ஒரே டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுப்பதும், பாதிப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு மீதியைக் கண் மதிப்பில் கலப்பதும் நம் வீடுகளில் சகஜம். அப்படிக் கெட்டியாகக் கலந்தால் குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் எல்லார் வீட்டிலும் இருக்கு, அதுதான் அளவுகோல். காய்ச்சி ஆறவைத்த தண்ணியில் முழுப் பொட்டலத்தையும் கொட்டிக் கரைங்க. கரைத்த பிறகு கொதிக்க வைக்கக்கூடாது. மேலே சர்க்கரையோ, ஜூஸோ, பாலோ சேர்க்கக்கூடாது. 24 மணி நேரம் ஆனதும் மீதியைக் கொட்டிவிட்டுப் புதுசாகக் கரைக்கணும். சரியாகக் கரைத்த கரைசல், கண்ணீர் அளவுக்கு உப்புக் கரிக்கும். அதைவிடக் கரித்தால் தண்ணி குறைஞ்சிருக்குன்னு அர்த்தம்.

அந்தச் சாயங்காலம் செவிலியர் அக்கா செய்தது இதுதான். பையன் எடை பத்து கிலோ. ஒரு கிலோவுக்கு 75 மில்லி என்ற கணக்கில், நாலு மணி நேரத்தில் 750 மில்லி ஓ.ஆர்.எஸ். ஒரு டீஸ்பூன் ஐந்து மில்லி. ஆக ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். எங்க அக்கா மடியில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள். நடுவில் ஒரு தடவை வாந்தி. "பத்து நிமிஷம் விட்டுட்டு, இன்னும் மெதுவாக் குடும்மா. வாந்தின்னு நிறுத்திடாதே" என்றார் செவிலியர். மூணாவது மணி நேரத்தில் பையன் சிறுநீர் கழித்தான். எங்க வீட்டில் அதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். கிளம்பும்போது 14 நாளுக்கு துத்தநாக மாத்திரை கொடுத்தாங்க. போக்கு நின்ற பிறகும் முழுசாகக் கொடுக்கணும், அது அடுத்த முறை வராமல் இருக்கவும் உதவும் என்று சொல்லி அனுப்பினாங்க. வீட்டுக்கு வந்ததும், ஒவ்வொரு தடவை தண்ணியாப் போனதும் இரண்டு வயசுக்குக் கீழே என்றால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் என்றால் 100 முதல் 200 மில்லி. சோறு, தாய்ப்பால் எதையும் நிறுத்தக்கூடாது.

அப்போ இளநீர் கூடாதா என்று கேட்டால், அப்படி இல்லை. வயிற்றுப்போக்கு இப்போதான் தொடங்கியிருக்கு, குழந்தை சுறுசுறுப்பாக இருக்கு, நீரிழப்பின் அடையாளம் எதுவும் இல்லை என்றால், வீட்டில் கொடுக்கக்கூடிய பானங்களில் இளநீருக்கும் இடம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியிலும் அது இருக்கு. ஆனால் எந்த வரிசையில் இருக்குன்னு கவனிங்க: உப்பு இல்லாத பானங்களின் வரிசையில். அதோடு உப்பு உள்ள பானம் ஒன்றும் சேரணும். அந்த உப்பு வரிசையில் இருப்பது என்ன தெரியுமா? உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணி, உப்புப் போட்ட மோர். நம்ம பாட்டிமார் கொடுத்ததுதான். ஒரு லிட்டருக்கு சுமார் 3 கிராம் உப்பு, அதாவது தலை தட்டிய அரை டீஸ்பூன். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கைக்கு வரும் வரை, நொய்க் கஞ்சி வடித்த தண்ணியில் அந்த உப்பைப் போட்டுக் கொடுப்பது, இளநீரை மட்டும் கொடுப்பதை விட மேல்.

"இளநீரிலேயே உப்பைப் போட்டுட்டா?" என்று சிலர் கேட்பாங்க. காயில் ஏற்கெனவே எவ்வளவு சோடியம், எவ்வளவு சர்க்கரை என்று தெரியாததால் அந்தக் கணக்கு ஒருபோதும் நேராகாது. சரியாக அளந்த பொட்டலம் கிடைக்கும்போது அதற்கு அவசியமும் இல்லை.

இப்போ வியர்வைப் பக்கம் வருவோம். கட்டட வேலை, வயல் வேலை, டெலிவரி வேலை, கபடிப் பயிற்சி, இதில் எல்லாம் போவது வியர்வை. வியர்வை வேற கணக்கு. ஆளுக்கு ஆள் நிறைய மாறினாலும், ஒரு லிட்டர் வியர்வையில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். பொட்டாசியம் அதில் நாலில் ஒரு பங்குகூட இருக்காது. ஆக இங்கேயும் இழப்பது முக்கியமாக சோடியம்தான். இளநீரில் குறைவாக இருப்பதும் அதுவேதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. வேலை செய்பவரின் குடல் நல்லா இருக்கு, அவர் சாப்பிடுவார். ஒரு கிராம் சாப்பாட்டு உப்பில் சுமார் 400 மில்லிகிராம் சோடியம். உப்புப் போட்ட நீராகாரம், சாம்பார் சாதம், ஊறுகாய், மோர் இவற்றிலேயே இழந்தது திரும்ப வந்துவிடும். அப்படிச் சாப்பிடுபவர் பகலில் ஒரு இளநீர் குடித்தால் அது நல்ல பானம்தான். சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு, மூணு நாலு மணி நேரம் வெறும் தண்ணியும் இளநீருமாகக் குடித்துக்கொண்டே வியர்ப்பவருக்குத்தான் தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு எல்லாம் வரலாம்.

ஸ்போர்ட்ஸ் டிரிங்க் உருவானதும் இந்த வியர்வைக்காகத்தான். 1965இல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில், வெயிலில் ஆடித் துவண்ட கால்பந்து அணிக்காக ராபர்ட் கேட் என்ற மருத்துவரும் அவர் குழுவும் தயாரித்தது. லிட்டருக்கு சுமார் 60 கிராம் சர்க்கரை அதில் இருப்பது, ஓடிக்கொண்டே இருக்கும் தசைக்கு எரிபொருளாக. ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து கடுமையாக ஆடுபவருக்கு அது பயன்படும். சாயங்காலம் அரை மணி நேரம் நடப்பவருக்கு அது வெறும் சர்க்கரைத் தண்ணி. வயிற்றுப்போக்குக்கு அது மருந்தே இல்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்று சொன்னேன் இல்லையா? 300 மில்லி உள்ள ஒரு காயில் 600 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். நல்ல சிறுநீரகம் அதை எளிதாக வெளியேற்றிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் அது ரத்தத்திலேயே தேங்கும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி, உயிருக்கே ஆபத்தாகலாம். அது பெரும்பாலும் முன்கூட்டி அறிகுறி காட்டாது. இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ எனாலபிரில், ராமிபிரில், லோசார்டன், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் மாதிரி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பொட்டாசியம் ஏறும் வாய்ப்பு உண்டு. அப்பா அம்மாவின் மாத்திரை அட்டையை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தா, தினமும் இளநீர் குடிக்கலாமா என்று அவர்களுடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்க. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க.

எப்போ வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு ஓடணும்? குழந்தை குடிக்க மறுத்தாலோ, குடித்ததெல்லாம் வாந்தியாகப் போனாலோ, கண் உள்ளே போயிருந்தாலோ, வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டால் உடனே பழைய நிலைக்குப் போகாமல் மெதுவாகப் போனாலோ, மலத்தில் ரத்தம் இருந்தாலோ, எழுப்பினால் விழிக்காமல் கிறங்கிக் கிடந்தாலோ, தாமதிக்காதீங்க. 108க்குக் கூப்பிடுங்க. போகும் வழியிலும் விழுங்க முடிகிற குழந்தைக்கு ஸ்பூனால் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே போங்க. சந்தேகம் கேட்க 104 மருத்துவ உதவி எண் இருக்கு. ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையில்லாமல் கிடைக்கும். உங்க பகுதி கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்கலாம்.

எங்க அக்கா வீட்டுக் கொல்லையில் இன்னமும் இளநீர் வெட்டுறாங்க, பையன் இப்பவும் ஆசையாக் குடிக்கிறான். ஒன்று மட்டும் மாறியிருக்கு. சமையலறை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் ரெண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலமும், ஒரு லிட்டர் குறி போட்ட பாட்டில் ஒன்றும் இருக்கு. எங்க குடும்பக் குரூப்பில் அந்தப் பழைய பார்வர்டு மறுபடி வந்தப்போ, அம்மாவே கீழே பதில் போட்டாங்க: "இதுல உப்பு எங்கே?"